அஸ்ஸே 93-இல் நின்றால் அனலிஸ்ட் எழுத வேண்டிய அறிக்கை

கேள்வி: "டேப்லெட் அஸ்ஸே போட்டேன், ரெண்டு பிரிபரேஷனும் 93-க்குப் பக்கத்துல வந்திருக்கு. லிமிட் 95 முதல் 105. சீனியர், 'சாம்பிள் பிரிபரேஷன் எரர்னு எழுதி முடிச்சிடு, ரீடெஸ்ட் போட்டுக்கலாம்'னு சொல்றார். இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் நான் என்னதான் எழுதணும்?"

உங்கள் சீனியர் சொல்வது கடைசியில் உண்மையாகவே முடியலாம். என் அனுபவத்தில் இரண்டு பிரிபரேஷனும் ஒன்றுக்கொன்று ஒட்டி, சேர்ந்தாற்போல் கீழே இறங்கினால் பல நேரங்களில் கோளாறு மாதிரித் தயாரிப்பில்தான் இருந்திருக்கிறது. ஆனால் இந்த நிமிடம் அது அவருடைய ஊகம். அதை அறிக்கையின் முதல் வரியிலேயே காரணமாக எழுதிவிட்டால், அதை நிரூபிக்க உங்கள் மேசையில் இருக்கும் ஒரே சாட்சியான அந்த ஃப்ளாஸ்க்குகளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாளைக்கு அவை கழுவும் தொட்டிக்குப் போய்விடும்.

நான் பதினெட்டு வருடங்களாகத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருக்கிறேன். பெரும்பாலும் மாத்திரைகள், பெரும்பாலும் எச்.பி.எல்.சி. ஆகவே நான் சொல்வது வேதியியல் சோதனைகளுக்குப் பொருந்தும். நுண்ணுயிர்ச் சோதனைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே காரணம் தேடும் வழியே வேறு. உங்கள் மெத்தடையும் நான் பார்க்கவில்லை. எத்தனை ரீடெஸ்ட், யார் கையெழுத்து, எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் எஸ்.ஓ.பி. சொல்வதுதான்.

முதலில், அறிக்கை எழுத உட்காரும் முன்னால் செய்ய வேண்டியது. ஸ்டாக் ஃப்ளாஸ்க், நீர்த்த ஃப்ளாஸ்க், ஆட்டோசாம்ப்ளரில் இருக்கும் வயல்கள், மிச்சமான மாத்திரைப் பொடி, ஸ்டாண்டர்ட் கரைசல்கள், மொபைல் ஃபேஸ் எல்லாவற்றையும் மூடி, 'விசாரணையில், கொட்ட வேண்டாம்' என்று சீட்டு ஒட்டி வையுங்கள். சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் 'ஒருமுறை திரும்ப இன்ஜெக்ட் பண்ணிப் பார்ப்போமே' என்று கை போகும். போக விடாதீர்கள். பீக்கின் அடிக்கோட்டைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். இன்டெக்ரேஷனை மாற்றிய ஒவ்வொரு முறையும் சாஃப்ட்வேரின் ஆடிட் டிரெயிலில் நேரத்தோடு பதிவாகிறது. காரணம் நேர்மையானதாக இருந்தாலும், அனுமதி வாங்கும் முன்னால் செய்திருந்தால் பிறகு அதை விளக்கவே ஒரு தனி அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

இனி எழுதுவதற்கு வருவோம். அனலிஸ்டின் பகுதி என்பது நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது. என்ன பேட்ச், எந்த மெத்தட், எந்த எடைத்தராசு, எந்த கருவி, எத்தனை மணிக்கு எடை போட்டது, எத்தனை மணிக்கு சோனிகேட்டரில் வைத்தது, முடிவு திரையில் வந்தது எப்போது, யாரிடம் சொன்னது எப்போது. 'மாதிரி மெத்தட்படி தயாரிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்தால் அது எதையும் சொல்லாத வரி. 'இரண்டு ஸ்டாக் ஃப்ளாஸ்க்குகளையும் சோனிகேட்டரில் 20 நிமிடம் வைத்தேன். வைக்கும்போதும் எடுக்கும்போதும் குலுக்கினேன். இடையில் குலுக்கவில்லை' என்று எழுதினால்தான் பின்னால் வருபவருக்குப் பிடி கிடைக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத்தான் எல்லோருக்கும் தயக்கம். எனக்கும் இருந்தது.

என் கதையைச் சொன்னால் விளங்கும். ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். மாத்திரையின் எடை 200 மி.கி., அதில் மருந்து 50 மி.கி. இருபது மாத்திரைகளைப் பொடித்து, 50 மி.கி. மருந்துக்குச் சமமான பொடியை 100 மி.லி. ஃப்ளாஸ்க்கில் எடுத்து, 70 மி.லி. கரைப்பான் சேர்த்து, இடையிடையே குலுக்கி 20 நிமிடம் சோனிகேட் செய்து, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, குறி வரை நிரப்ப வேண்டும். வடிகட்டி, முதல் 3 மி.லி.யைக் கொட்டிவிட்டு, 5 மி.லி.யை 50-க்கு நீர்க்க வேண்டும். லிமிட் உங்களுடையதுதான், 95.0 முதல் 105.0. எனக்கு வந்தது 92.8, 93.0. அதற்கு முந்தைய பேட்ச்கள் எல்லாம் 98.4-க்கும் 100.6-க்கும் நடுவில்தான் இருந்தன.

அன்றைக்கு அதே மருந்தின் இன்னொரு பேட்ச்சையும் நானே, அதே ஸ்டாண்டர்ட், அதே மொபைல் ஃபேஸ், அதே ஓட்டத்தில் போட்டிருந்தேன். அது 99.3. இந்த ஒரு எண் பாதி விசாரணையை முடித்துக்கொடுத்தது. ஸ்டாண்டர்டில் கோளாறு என்றால் இரண்டு பேட்ச்சும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். கருவியின் கோளாறும் அப்படித்தான், ஓட்டத்தின் நடுவில் ஏதாவது ஆகியிருந்தால் தவிர. அதற்கும் முன்னும் பின்னும் போட்ட ஸ்டாண்டர்ட் இன்ஜெக்ஷன்களின் பரப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். ஒத்துப்போனது.

இங்கே ஒரு கிளைப்பேச்சு. உங்களிடம் அப்படி இன்னொரு பேட்ச் இல்லையென்றால், 'இரண்டு ஸ்டாண்டர்ட் பிரிபரேஷனும் ஒத்துப்போகிறது, ஆகவே ஸ்டாண்டர்ட் சரி' என்று எழுதிவிடுவார்கள். அது எடை போட்டதும் நீர்த்ததும் சரி என்பதை மட்டும்தான் காட்டும். ஸ்டாண்டர்டின் தூய்மை மதிப்பு ஈரத்தோடு சேர்த்துச் சொன்னதா, ஈரம் நீக்கிச் சொன்னதா என்பதில் குழம்பி, ஈரத்துக்கான கழிவை இரண்டு முறை போட்டிருந்தால், இரண்டு ஸ்டாண்டர்டும் அழகாக ஒத்துப்போகும், மாதிரி மட்டும் அந்த ஈரத்தின் சதவீதம் அளவுக்குக் குறைந்து நிற்கும். ஸ்டாண்டர்டின் சான்றிதழையும் கணக்குத் தாளையும் பக்கத்தில் வைத்து, கணக்கை வேறு ஒருவர் கையால் மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

என் சூப்பர்வைசரும் நானும் வைத்திருந்த ஃப்ளாஸ்க்குகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். அடியில் வெள்ளைப் படிவு. ஆனால் படிவு இருப்பது ஒன்றும் குற்றமில்லை. மாத்திரையில் கலக்கும் செல்லுலோஸ், மாவு, மெக்னீசியம் ஸ்டியரேட் எதுவும் அந்தக் கரைப்பானில் கரையாது, அவை எப்போதும் அடியில்தான் கிடக்கும். 99.3 வந்த பேட்ச்சின் ஃப்ளாஸ்க்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அதில் படிவு மென்மையாக இருந்தது, ஃப்ளாஸ்க்கை மெல்லச் சுழற்றினால் புகைபோல் எழுந்தது. 93-இல் நின்ற ஃப்ளாஸ்க்கில் கடுகளவு கட்டிகள் அடியில் ஒட்டியபடி இருந்தன, சுழற்றினாலும் அசையவில்லை. நான் அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: 'இரண்டு ஸ்டாக் ஃப்ளாஸ்க்கிலும் சுழற்றினால் கலையாத கட்டிகள் காணப்பட்டன. ஒப்பிட்ட பேட்ச்சின் ஃப்ளாஸ்க்கில் காணப்படவில்லை.' 'மருந்து முழுதாகக் கரையவில்லை' என்று எழுதவில்லை, எழுத வாய் ஊறியது என்றாலும். கட்டிக்குள் மருந்து இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த கட்டம் சோதனைத் திட்டம். நடந்திருக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கரைசலில் என்ன செய்யப்போகிறோம், எந்த விடை வந்தால் எதை முடிவு செய்வோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை எழுதினால் எந்த ஆடிட்டரும் தேதியை வைத்தே பிடித்துவிடுவார். கரைசல்கள் 48 மணி நேரம் கெடாது என்று மெத்தட் சரிபார்ப்பில் பதிவு இருந்ததால் எங்களுக்கு நேரமும் இருந்தது. உங்கள் மெத்தடில் அது எத்தனை மணி என்று இப்போதே பாருங்கள். அந்தக் கெடு தாண்டிய பின் போடும் எந்தச் சோதனையும் பேசாது.

முதல் சோதனை, அதே வயலை மறுபடி இன்ஜெக்ட் செய்வது. 92.9, 93.0. ஆக, ஊசி காற்றை இழுத்தது, அந்த இன்ஜெக்ஷன் மட்டும் பிசகியது என்பதெல்லாம் கழிந்தது. இரண்டாவது, ஸ்டாக் ஃப்ளாஸ்க்கின் மேல்நிற்கும் தெளிவை அசைக்காமல் எடுத்து, புதிதாக வடிகட்டி, புதிதாக நீர்ப்பது. 93.1, 92.8. ஆகவே பிப்பெட்டும் 50 மி.லி. ஃப்ளாஸ்க்கும் தப்பின. வடிகட்டி மருந்தை உறிஞ்சியிருக்குமோ என்ற சந்தேகத்தை இது தீர்க்காது, ஏனென்றால் புது வடிகட்டியும் அதே மாதிரி உறிஞ்சும். அதற்கும் அந்த 99.3 தான் பதில் சொன்னது, அதே பெட்டி வடிகட்டியில்தான் அதுவும் வடிந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். அதே ஸ்டாக் ஃப்ளாஸ்க்குகளை மறுபடி சோனிகேட்டரில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கட்டி கலையும்வரை குலுக்கி, 20 நிமிடம் கழித்து ஆறவிட்டு, வடிகட்டி, நீர்த்துப் போட்டோம். கூடவே 99.3 வந்த பேட்ச்சின் ஃப்ளாஸ்க்கையும் வைத்தோம். பலர் இதை விட்டுவிடுவார்கள். சோனிகேட்டர் சூட்டில் கரைப்பான் கொஞ்சம் ஆவியானாலே எண் ஏறும், அந்த ஏற்றத்தைப் பார்த்து 'மருந்து கரைந்தது' என்று ஏமாந்துபோகக் கூடாது. ஒப்பீட்டு ஃப்ளாஸ்க் 99.4 காட்டியது, அசையவில்லை. நம் ஃப்ளாஸ்க்குகள் 100.5, 100.7.

இந்த 100.6-ஐப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் மேலாளர் ஒருவர், 'இதையே ரிசல்டாகப் போடலாமே' என்றுகூடக் கேட்டார். போடக் கூடாது, அதற்குக் காரணம் விதி மட்டுமல்ல, கணக்கும்தான். முதல் நாள் 10 மி.லி., இரண்டாவது சோதனைக்கு 10 மி.லி. என்று ஃப்ளாஸ்க்கிலிருந்து 20 மி.லி. தெளிவை ஏற்கெனவே எடுத்தாயிற்று. கரையாத மருந்து மட்டும் முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டது. அது இப்போது 100 மி.லி.யில் கரையவில்லை, மிச்சமிருந்த 80 மி.லி.யில் கரைந்திருக்கிறது. ஆகவே ஏற்றம் ஊதிப்போய்த் தெரிகிறது. 92.9-லிருந்து 100.6-க்கு ஏறியது 7.7. அதை 80-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 6.2. 92.9-உடன் சேர்த்தால் 99.1. பேட்ச்சின் உண்மையான அளவு அதன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனாலும் 99.1 ஒரு மதிப்பீடு. விசாரணைக்காகப் போட்ட சோதனையின் எண் எதுவும் பேட்ச்சின் முடிவாகாது. அதை அறிக்கையில் 'தகவலுக்கு மட்டும்' என்று தெளிவாக எழுதினோம்.

இந்த இடத்தில் விதியைப் பற்றிக் கொஞ்சம். ஒரு சோதனை விழுந்தால் காரணம் காட்டாமல் திரும்பத் திரும்பப் போட்டுத் தேறிய எண்ணை எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு, 1993-இல் பார் லேபரட்டரீஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் முட்டுக்கட்டை போட்டது. அந்த நாட்டின் எஃப்.டி.ஏ. இதற்கென்றே 2006-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2022-இல் திருத்தியும் இருக்கிறது. அங்கே ஏற்றுமதி செய்யாத ஆய்வகங்களிலும் நடைமுறை எஸ்.ஓ.பி.கள் பெரும்பாலும் அதை ஒட்டியே எழுதப்பட்டிருக்கும். உங்களுக்குத் தேவையானது அதில் ஒரே ஒரு கருத்து. ஆய்வகப் பிழை நடந்தது என்று சான்றோடு காட்டினால் மட்டுமே முதல் முடிவைச் செல்லாததாக்கலாம். காட்ட முடியவில்லையென்றால் 93 என்பது பேட்ச்சின் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும், அதற்கப்புறம் எத்தனை 99 வந்தாலும். 93-ஐயும் 99-ஐயும் கூட்டிச் சராசரி 96 என்று தேற்றுவதும் கூடாது. ஒரு முடிவு விழுந்தது என்ற உண்மையைச் சராசரி மறைத்துவிடும்.

எங்கள் விஷயத்தில் சான்று இருந்ததால் முதல் முடிவைச் செல்லாததாக்கி, அதே மாதிரியிலிருந்து வேறு அனலிஸ்ட் ஒருவர் புதிதாகத் தயாரித்துப் போட்டார். 99.0, 98.8. மதிப்பீடு செய்த 99.1-க்குப் பக்கத்திலேயே வந்தது. இரண்டு வழியில் போய் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு எந்தக் கையெழுத்தையும்விடத் திருப்தி தந்தது.

'மாதிரித் தயாரிப்பில் பிழை' என்று எழுதி இங்கே முடித்திருக்கலாம், உங்கள் சீனியரும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் மருந்து ஏன் கரையவில்லை? இங்கேதான் நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்து எழுத வேண்டும். நிச்சயமாகத் தெரிந்தது: மருந்து ஃப்ளாஸ்க்குக்குள் இருந்தது, கரைசலுக்குள் வரவில்லை. எதனால் என்பது அப்போது தெரியாது. என்னிடம் கேட்டார்கள், நானும் சொன்னேன். அன்றைக்கு என் நான்கு ஃப்ளாஸ்க்கோடு இன்னொருவருடைய இரண்டும் சேர்ந்து ஆறு ஃப்ளாஸ்க் தொட்டியில் நின்றன. வழக்கமாக நான்குதான் நிற்கும். விழுந்த பேட்ச்சின் இரண்டும் தொட்டியின் ஓரத்தில் இருந்தன. ஒப்பிட்ட பேட்ச் நடுவில். இடையில் நான் குலுக்கவில்லை, பக்கத்து அறையில் இன்னொரு சோதனையின் டைட்ரேஷனை முடித்துக்கொண்டிருந்தேன்.

இதை வாயால் சொல்லி விட்டுவிடாமல், மிச்சமிருந்த பொடியைக் கொண்டு செய்தும் பார்த்தோம். ஓரத்தில் வைத்து, இடையில் குலுக்காமல் விட்டால் 94.0. அதே ஓரத்தில் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கினால் 98.8. ஆகவே குலுக்காததுதான் பெரிய காரணம் என்று சொல்ல முடிந்தது. தொட்டியில் நீர் மட்டம் குறைவாக இருந்திருக்குமோ என்றும் ஒரு பேச்சு வந்தது. ஃப்ளாஸ்க்குக்குள் இருக்கும் திரவத்தின் மட்டத்துக்குக் கீழே தொட்டியின் நீர் இறங்கிவிட்டால் அதிர்வு ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆனால் அன்றைய நீர் மட்டத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. ஆகவே அறிக்கையில் 'உறுதிசெய்ய இயலவில்லை' என்று எழுதினோம். அப்படி எழுதுவதில் வெட்கமே இல்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதியிருந்தால், அடுத்த முறை இதே கோளாறு வரும்போது எல்லோரும் நீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 99.3 வந்த பேட்ச்சின் பொடியையும் அதே ஓரத்தில், அதே மாதிரிக் குலுக்காமல் வைத்துப் பார்த்தபோது 97.2 வந்தது. குறைந்தது, ஆனால் விழவில்லை. அப்படியென்றால் விழுந்த பேட்ச்சின் பொடியிலேயே கரையத் தாமதிக்கும் ஏதோ இருக்கிறது. நான் பொடித்தது கரடுமுரடாக இருந்ததா, இல்லை மாத்திரையின் துகள்களே கெட்டியானவையா? உற்பத்திப் பதிவில் மாத்திரையின் கடினம் வரம்புக்குள்தான் இருந்தது, ஆனால் மேல்விளிம்பில். டிஸ்ஸல்யூஷன் சோதனை தேறியிருந்தது. இதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை, 'துணைக் காரணமாக இருக்கலாம், உறுதியாகவில்லை' என்று எழுதி உற்பத்திப் பிரிவுக்குத் தெரிவித்தோம்.

இதனால்தான் 'அனலிஸ்ட் பிழை' என்ற சொல்லை நான் சட்டென்று ஏற்பதில்லை. மெத்தடில் இருந்த வாசகம் 'இடையிடையே குலுக்கவும்'. எத்தனை முறை? ஒருவருக்கு இரண்டு முறை, இன்னொருவருக்குப் பத்து முறை. தொடக்கத்திலும் முடிவிலும் குலுக்கிய நான் மெத்தடை மீறினேனா, இல்லையா என்று இன்றைக்கும் வாதாடலாம். எஃப்.டி.ஏ. வழிகாட்டியும், முழுதாகப் பிரிந்து வராததுதான் காரணம் என்று தெரிந்தால் மெத்தடின் சரிபார்ப்பையே கேள்வி கேட்க வேண்டும் என்கிறது. எங்கள் அறிக்கையின் கடைசியில் எனக்கு மறுபயிற்சி என்று ஒரு வரி வந்தது, வரட்டும். ஆனால் உண்மையான திருத்தம் மெத்தடில்தான் நடந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து அரை நிமிடம் குலுக்க வேண்டும், தொட்டியில் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது, நீர் மட்டம் ஃப்ளாஸ்க்கின் திரவ மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், கட்டி கலைந்ததைக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். மறுபயிற்சி எனக்கு மட்டும்தான், இந்த வரிகள் எனக்கு அடுத்து வருபவருக்கும் சேர்த்து.

மூன்றாவது சோதனையில் எண் ஏறாமல் 93-லேயே நின்றிருந்தால் என் அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும். அப்போது ஆய்வகத்தில் காரணம் கிடைக்கவில்லை என்று நேராக எழுதிவிட்டு, விசாரணை உற்பத்திப் பக்கம் போகும். மருந்தை எடை போட்டது, கலவை, மாத்திரையின் சராசரி எடை என்று அவர்கள் பார்ப்பார்கள். எஸ்.ஓ.பி. முன்கூட்டியே சொன்ன எண்ணிக்கையில் ரீடெஸ்ட் நடக்கலாம், ஆனால் அதன் முடிவு 93-க்குப் பக்கத்தில் உட்காருமே தவிர அதை அழிக்காது. பேட்ச் போகலாமா வேண்டாமா என்பது தர உறுதிப் பிரிவின் முடிவு, அனலிஸ்டின் அறிக்கை அதில் கருத்துச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சந்தர்ப்பம் மட்டும் இதற்கெல்லாம் விலக்கு. வேலையின் நடுவிலேயே தவறு உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், ஃப்ளாஸ்க் சிந்தியது, குறியைத் தாண்டி நிரப்பிவிட்டது என்பது போல, அப்போதே நிறுத்தி, அப்போதே எழுதி, சொல்லிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். 'முடிவு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று தொடர்ந்தால், முடிவு தேறினால் மறைத்ததாகவும், விழுந்தால் சாக்குச் சொல்வதாகவும் ஆகிவிடும். உங்களுக்கு அப்படி ஏதாவது தெரிந்திருந்து இதுவரை எழுதாமல் இருந்தால், இப்போதாவது எழுதுங்கள், இப்போதுதான் எழுதுகிறேன் என்ற தேதியோடு. பழைய தேதி போடாதீர்கள்.

சீனியரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 'முடியாது' என்று எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. 'சார், நீங்க சொல்றதுதான் காரணம்னா ஸ்டாக் ஃப்ளாஸ்க்கைத் திரும்ப சோனிகேட் பண்ணினா தெரிஞ்சிடும். திட்டத்தை எழுதித் தர்றேன், கையெழுத்துப் போடுங்க' என்று கேளுங்கள். அவர் ஊகம் சரியென்றால் அவருக்கே சான்று கிடைக்கிறது. பெரும்பாலானவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

ஃப்ளாஸ்க்குகளை ஏற்கெனவே கழுவிவிட்டார்கள் என்றால், அதையும் யார், எப்போது கழுவினார்கள் என்று எழுதுங்கள். அப்போது நான் சொன்ன மூன்று சோதனையும் உங்களுக்கு இல்லை. மிச்சப் பொடியைக் கொண்டு அன்றைக்குச் செய்ததைத் திரும்பச் செய்து பார்க்கலாம், ஆனால் அது இப்படி நடந்திருக்க முடியும் என்று மட்டுமே காட்டும், இப்படித்தான் நடந்தது என்று காட்டாது. 93 நிற்கும்.